ஆம்லெட் ஏன் ரப்பராகிறது, கிளறிய முட்டை ஏன் நீர் விடுகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குடியிருப்பில் புதிதாகச் சமையல் பழகுவோருக்கு வார இறுதிகளில் கற்றுக்கொடுத்து வருகிறேன். குழம்பு வைக்கத் தெரியவில்லை என்று வருபவர்களைவிட ஆம்லெட் சரியாக வரவில்லை என்று வருபவர்களே அதிகம். அவர்கள் கேட்ட கேள்விகளைக் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். இதில் 'கிளறிய முட்டை' என்பது ஓட்டல்களில் ஸ்கிராம்பிள்டு எக் என்று தருவது, அதாவது ஈரப்பசை இருக்கும்போதே இறக்குவது. வெங்காயம் சேர்த்து உதிரியாகக் கிளறும் நம் பொடிமாஸைத் தனியாகக் குறிப்பிடுகிறேன்.

முட்டையில நான் ஒரு சொட்டு தண்ணிகூட ஊத்தல. தட்டுல வச்சதும் எங்கேருந்து தண்ணி வருது?

முட்டைக்குள்ளிருந்தே வருகிறது. ஓடு நீக்கிய ஒரு முட்டை 50 கிராம் இருந்தால் அதில் ஏறத்தாழ 38 கிராம் வெறும் நீர். வெள்ளைக்கருவில் பத்தில் ஒன்பது பங்கு நீர், மஞ்சள்கருவில் பாதி. புரதம் 6 கிராம் அளவுதான். இவ்வளவு நீரும் எங்கேயும் போகாமல் முட்டை கெட்டியாகிறது என்பதுதான் இதில் வியப்பான பகுதி.

பச்சை முட்டையில் புரதங்கள் சிறு நூல்பந்துகளைப் போலச் சுருண்டு நீரில் மிதக்கின்றன. சூடு ஏறும்போது பந்துகள் அவிழ்கின்றன. அவிழ்ந்த நூல்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வலையாகின்றன. நீர் அந்த வலையின் கண்களுக்குள் சிக்கி நின்றுவிடுகிறது. மென்மையான முட்டை என்பது இந்த நிலை. சூடு இன்னும் ஏறினால் பின்னல் நின்றுவிடுவதில்லை. நூல்கள் மேலும் மேலும் இறுகி, ஈரத்துணியைப் பிழிவதுபோல உள்ளே இருந்த நீரை வெளியே தள்ளுகின்றன. இறுகிய வலை பல்லில் ரப்பராகப் படுகிறது. பிழிந்த நீர் தட்டில் நிற்கிறது. ரப்பரான முட்டையும் நீர் விட்ட முட்டையும் பெரும்பாலும் ஒரே முட்டையாக இருப்பது இதனால்தான்.

எந்தச் சூட்டுல இது நடக்குது? சும்மா 'மிதமான தீ'ன்னு சொல்லாதீங்க.

வெள்ளைக்கரு 62, 63 டிகிரி செல்சியஸில் கெட்டிப்படத் தொடங்கி, 65 டிகிரிக்கு அருகில் தளதளவென்று உறைகிறது. மஞ்சள்கரு 65 டிகிரியில் கெட்டியாகத் தொடங்கி 70 டிகிரியில் உறைகிறது. இரண்டையும் சேர்த்து அடித்த முட்டை ஏறத்தாழ 73 டிகிரியில் உறையும். வெள்ளைக்கருப் புரதத்தில் பாதிக்கு மேல் இருப்பது ஓவால்புமின் என்ற ஒரே புரதம். அது இறுகுவது 80 டிகிரிக்கு அருகில்தான். அது இறுகிய பிறகு முட்டையின் மென்மை போய்விடும். ஆகவே நமக்குக் கிடைக்கும் இடைவெளி 73 முதல் 80 வரையிலான ஏழு டிகிரிதான்.

பெரிய தீயில் வைத்த கல்லின் மேற்பரப்பு 200 டிகிரியை எளிதாகத் தாண்டும். அதில் ஊற்றிய முட்டை அந்த ஏழு டிகிரியைச் சில நொடிகளில் கடந்துவிடும். கரண்டியை எடுக்கத் திரும்புவதற்குள் முடிந்திருக்கும். சிறு தீயில் அதே ஏழு டிகிரியைக் கடக்க ஒரு நிமிடம் வரை ஆகும். சிறு தீயே முட்டையை மென்மையாக்கிவிடுவதில்லை. நிறுத்த வேண்டிய இடத்தைப் பார்த்து நிறுத்த அது நமக்கு அவகாசம் தருகிறது, அவ்வளவுதான். இந்த வேறுபாடு பின்னால் கலக்கி பற்றிய கேள்வியில் தேவைப்படும்.

நான் சிம்லதான் செய்யறேன். அப்பவும் ரப்பராத்தான் வருது. ஏன்?

நான் பார்த்த வரையில் இதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, அடுப்பு சிம்மில் இருக்கிறது, கல் சிம்மில் இல்லை. தீயைப் பெரிதாக வைத்துக் கல்லைக் காயவிட்டு, முட்டை ஊற்றும் நேரத்தில் குறைப்பது நம் தோசைப் பழக்கம். கனமான இரும்புக்கல் வாங்கிய சூட்டைப் பல நிமிடங்கள் விடாமல் வைத்திருக்கும். ஆகவே தொடக்கத்திலிருந்தே சிறு தீயில் காய வையுங்கள். அவசரப்பட்டுக் காயவைத்துவிட்டால் அடுப்பிலிருந்து இறக்கி ஆறவிடுங்கள்.

சூட்டைக் கண்டுபிடிக்க வெண்ணெய் நல்ல கருவி. வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு அளவுக்கு நீர் இருக்கிறது. அது மெல்ல நுரைத்தால் கல் நூறு டிகிரியைச் சற்றுத் தாண்டியிருக்கிறது என்று பொருள், அதுவே சரியான நேரம். போட்டவுடன் படபடவென்று பொரிந்து பழுப்பாகத் தொடங்கினால் சூடு மிக அதிகம். எண்ணெயில் செய்பவர்கள் அடித்த முட்டையிலிருந்து ஒரு சொட்டை எடுத்துக் கல்லில் விட்டுப் பார்க்கலாம். அது ஓசையின்றி மூன்று நான்கு நொடியில் வெளுக்க வேண்டும்; விழுந்தவுடன் கொப்பளித்து ஓரம் சரிகை போலப் பொரிந்தால் பொறுங்கள்.

இரண்டாவது காரணம், நேரம் கடந்து இறக்குவது. அடுப்பை அணைத்த பிறகும் கல்லின் சூடும் முட்டையின் சொந்தச் சூடும் வேலை செய்துகொண்டே இருக்கும். அடுப்பின் மேல் முட்டை சரியாக வெந்ததாகத் தெரிந்தால், வாயில் வைக்கும்போது அது அதிகமாக வெந்திருக்கும்.

ரெண்டு முட்டைக்கு ஒருதடவை முழுசா சொல்லுங்க. நான் அப்படியே செஞ்சு பார்க்கறேன்.

இரண்டு முட்டையை ஒரு கிண்ணத்தில் உடைத்து, கால் டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக உப்புச் சேர்த்து, வெள்ளைத் திட்டுகள் மறையும் வரை முள்கரண்டியால் அடியுங்கள். நுரை பொங்க அடிக்க வேண்டியதில்லை. வெள்ளைக்கரு தனியாகத் திரிதிரியாக நின்றால் அந்த இடம் மட்டும் முன்னதாக வெந்து முண்டு முண்டாக இருக்கும். அப்படியே பத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள். அதற்குள் தட்டை எடுத்து அடுப்பருகில் வைத்துவிடுங்கள். இறக்கும் நேரத்தில் தட்டுத் தேடிப் போய் முட்டையைக் கெடுத்துக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எட்டு அங்குல நான்ஸ்டிக் வாணலியைச் சிறு தீயில் வைத்து, இரண்டு டீஸ்பூன் வெண்ணெய் போட்டு, அது மெல்ல நுரைக்கத் தொடங்கியதும் முட்டையை ஊற்றுங்கள். ஓசை வரக் கூடாது. முதல் அரை நிமிடம் ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். தீயைக் கூட்டிவிடத் தோன்றும், கூட்டாதீர்கள். பிறகு அடியில் மங்கலான ஒரு படலம் தெரியும். தட்டையான மரக்கரண்டியால் ஓரத்திலிருந்து நடுவுக்கு மெதுவாகத் தள்ளிக்கொண்டே இருங்கள். தள்ளிய இடத்தில் பச்சை முட்டை வழிந்து நிரம்பும்; மறுபடி தள்ளுங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் இப்படிப் போகும். கரண்டி போன தடம் உடனே மூடாமல் ஒரு நொடி நின்றால் இறுதிக் கட்டம் வந்துவிட்டது. திட்டுகள் திரண்டு, அவற்றுக்கிடையே கெட்டித் தயிர் போன்ற ஈரம் மட்டும் மிஞ்சியிருக்கும்போது தட்டுக்கு மாற்றிவிடுங்கள். மேற்பரப்பின் பளபளப்பு அரை நிமிடத்தில் தானாகவே மங்கும்.

ஆம்லெட்டாக வேண்டுமானால், பாதி உறைந்த நிலையில் தள்ளுவதை நிறுத்தி, வாணலியைச் சாய்த்து முட்டையைச் சமமாகப் பரப்பி, அரை நிமிடம் விட்டு, மேற்புறம் நனைந்தாற்போல் இருக்கும்போதே மடித்து இறக்குங்கள். மேற்புறம் மடிப்புக்குள் அடங்கி அந்தச் சூட்டிலேயே வேகும். திருப்பிப் போட்டு இரண்டாம் பக்கத்தையும் பொன்னிறமாக்குவது நம் வழக்கம். அந்தச் சுவை பிடித்தவர்களிடம் நான் வாதாடுவதில்லை. ஆனால் பொன்னிறம் வர மேற்பரப்பு நூறு டிகிரியை நன்றாகத் தாண்ட வேண்டும், அந்த அளவுக்கு அந்தப் படலம் இறுகியே தீரும் என்பதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

உப்பை முன்னாடியே போட்டா முட்டை நீர்த்துப் போயிடும்னு அம்மா சொல்றாங்களே?

அம்மா கண்ணால் கண்டது உண்மை. உப்புப் போட்டு வைத்த முட்டை பத்து நிமிடத்தில் சற்று இளகி, நிறமும் அடர்ந்துவிடும். ஆனால் அடுப்பில் நடப்பது இதற்கு நேர்மாறானது. ஒரே வகை மின்னூட்டம் கொண்டிருப்பதால் முட்டையின் புரதங்கள் ஒன்றையொன்று விலக்கி நிற்பவை. உப்பு அந்த விலக்கத்தைக் குறைப்பதால், புரதங்கள் முழுவதும் அவிழ்வதற்கு முன்பே, சற்றுக் குறைந்த சூட்டிலேயே, தளர்வாகப் பிணைந்துகொள்கின்றன. தளர்வான வலை நீரை நன்றாகப் பிடித்துவைக்கும்.

சந்தேகம் இருந்தால் ஒரே நாளில் இரண்டு முறை செய்து பாருங்கள்: ஒன்றுக்கு உப்பைக் கால் மணி நேரம் முன்பும், மற்றதற்கு இறக்கும்போதும். இரண்டையும் தனித்தனித் தட்டில் பத்து நிமிடம் விடுங்கள். எங்கள் வகுப்பில் செய்தபோது இரண்டாவது தட்டில்தான் ஓரத்தில் நீர் கோத்து நின்றது.

ஓட்டல்ல பால் ஊத்தறாங்களாமே? நானும் ஊத்தினேன், இன்னும் தண்ணியாத்தான் போச்சு.

எவ்வளவு ஊற்றினீர்கள் என்பதுதான் கேள்வி. பால் சேர்த்தால் புரதங்களுக்கு இடையே தூரம் கூடுகிறது; அவை சந்தித்துப் பின்ன இன்னும் அதிகச் சூடு தேவைப்படுகிறது. ஒரு கப் பாலுக்கு ஒரு முட்டை என்ற கணக்கில் செய்யும் கஸ்டர்டு 78, 80 டிகிரியில்தான் கெட்டியாகிறது. இதனால் நமக்குக் கொஞ்சம் கூடுதல் அவகாசம் கிடைக்கிறது. பாலிலும் வெண்ணெயிலும் உள்ள கொழுப்பு நூல்களுக்கிடையே புகுந்து இறுக்கத்தைக் குறைக்கிறது. நன்மை இவ்வளவே.

மறுபக்கம், பாலில் பெரும்பகுதி நீர். அதே 6 கிராம் புரத வலை இப்போது கூடுதல் நீரையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். சூடு தாண்டியதும் பால் ஊற்றிய முட்டை ஊற்றாததைவிட அதிகமாக நீர் விடும். முட்டைக்கு ஒரு டேபிள்ஸ்பூனைத் தாண்ட வேண்டாம். பாலுக்குப் பதில் ஃபிரெஷ் கிரீம் என்றால் இன்னும் நல்லது. சீனச் சமையலில் பாலில் சோளமாவைக் கரைத்துச் சேர்ப்பதுண்டு. மாவு நீரை உறிஞ்சி வைத்துக்கொள்வதோடு புரதங்கள் நெருக்கமாகப் பின்னுவதையும் தடுக்கிறது. இரண்டு முட்டைக்கு ஒரு டேபிள்ஸ்பூன் பாலில் ஒரு டீஸ்பூன் மாவு போதும்.

பொடிமாஸ் செய்யும்போது நடுவுல தண்ணி விடுது. அது வத்தற வரைக்கும் கிளறணுமா?

வற்றும் வரை கிளறுவதுதான் பொடிமாஸை மணல்போல ஆக்குகிறது. அந்த நீர் இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று, அரைகுறையாக வதங்கிய வெங்காயமும் தக்காளியும். மற்றது, முதல் பதிலில் சொன்னபடி முட்டையே பிழிந்து விடும் நீர். வெங்காய நீரை வற்றவைக்கத் தீயைக் கூட்டுகிறோம், கூட்டிய தீயில் முட்டை இறுகிப் புதிதாக நீர் விடுகிறது, அதையும் வற்றவைக்கிறோம். கடைசியில் வாணலி காய்ந்துவிடும், ஆனால் அந்த ஈரமெல்லாம் முட்டைக்குள் இருந்திருக்க வேண்டியது.

முறையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலையை அவற்றுக்கான உப்புடன் நல்ல தீயிலேயே வதக்குங்கள். உப்பு வெங்காயத்தின் நீரை வெளியே இழுக்கும். அது முழுவதும் வற்றி, வெங்காயம் சுருங்கி, எண்ணெய் மட்டும் சலசலக்கும் ஓசை வரட்டும். தக்காளி சேர்ப்பவர்கள் விதையும் சாறும் நீக்கிச் சேர்த்து, அதுவும் வற்றும்வரை பொறுக்க வேண்டும். பிறகு அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் ஆறவிட்டு, மீண்டும் சிறு தீயில் வைத்து, தனியாக உப்புப் போட்டு அடித்துவைத்த முட்டையை ஊற்றுங்கள். வாணலியிலேயே முட்டையை உடைத்து ஊற்றினால் வெள்ளையும் மஞ்சளும் தனித்தனியாகத் தெரியும். அது ஓர் அழகு. ஆனால் இரண்டும் வெவ்வேறு சூட்டில் உறைபவை என்பதால் தவறும் வாய்ப்பு கூடுதல்.

மூடி போட்டா மேல் பக்கமும் வேகும்னு மூடினேன். ஒரே ஈரம்.

முட்டையிலிருந்து எழும் ஆவி மூடியில் பட்டு, குளிர்ந்து, சொட்டுகளாக ஆம்லெட் மேலேயே விழுகிறது. இட்லிப் பானையைத் திறக்கும்போது மூடியின் உட்புறம் சொட்டுவதை நினைத்துப் பார்த்தால் புரியும். தடிமனான ஆம்லெட்டுக்கு மூடி தேவைப்பட்டால் மூடியை ஒரு துணியால் சுற்றிக் கட்டுங்கள், அல்லது கடைசி முக்கால் நிமிடம் மட்டும் மூடுங்கள்.

சிறு தீ, சிறு தீங்கறீங்க. கோயம்புத்தூர்க் கடைகள்ல கல்லு புகையற சூட்டுலதான் கலக்கி போடறாங்க. அது எப்படி வெண்ணெய் மாதிரி இருக்கு?

எல்லாக் கேள்வியிலும் எனக்குப் பிடித்தது இதுதான். இரண்டாம் பதிலில் சொன்னதை நினைவில் கொள்ளுங்கள்: கணக்கு முட்டையின் சூட்டுக்குத்தான், கல்லின் சூட்டுக்கு அல்ல. கலக்கி போடுபவர் முட்டையை மிளகுத்தூளும் சிறிது சல்னாவும் சேர்த்து அடித்து, ஒரே இடத்தில் ஊற்றி, அடிப்புறம் படலம் கட்டியதும் நான்கு பக்கமும் நடுவுக்கு மடித்து, உள்ளே இன்னும் குழம்பாக இருக்கும்போதே வழித்து எடுத்துவிடுகிறார். முழு வேலையும் அரை நிமிடம்கூட இல்லை. கல்லைத் தொட்ட மெல்லிய படலம் மட்டும் 80 டிகிரியைத் தாண்டுகிறது. உட்பகுதிக்கு அந்தச் சூடு போய்ச் சேர்வதற்குள் முட்டை தட்டில் இருக்கிறது. சல்னாவின் எண்ணெயும் இறுக்கத்தைத் தடுக்க உதவுகிறது.

அந்தச் சூட்டில் ஐந்து நொடி தாமதித்தாலும் கலக்கி போய் ஆம்லெட் வந்துவிடும். நாளுக்கு நூற்றுக்கணக்கில் போடும் கைக்கு அந்த ஐந்து நொடி தெரியும். வாரத்தில் ஒருநாள் போடும் கைக்குச் சிறு தீ.

முழுசா வேகாத முட்டை சாப்பிடலாமா? வீட்டுல குழந்தை இருக்கு.

மென்மையான முட்டை வேறு, வேகாத முட்டை வேறு. சால்மோனெல்லா கிருமிக்காக முட்டைப் பண்டங்களை 71 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுபோகச் சொல்கிறது அமெரிக்க வேளாண்மைத் துறை. அடித்த முட்டை உறைவதே 73 டிகிரிக்கு அருகில்தான் என்பதால், எங்கும் திரவம் ஓடாமல் முழுவதும் உறைந்த முட்டை அந்த வரம்பைத் தாண்டியதாகவே இருக்கும். 80ஐத் தொடாதவரை மென்மையாகவும் இருக்கும். சிறு குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், நோயெதிர்ப்புக் குறைந்தவர்கள் ஆகியோருக்குத் தயிர்ப்பதத்தில் இறக்காமல், ஈரம் முழுவதும் திரண்ட பிறகு இறக்குங்கள். கலக்கியும் ஹாஃப் பாயிலும் அவர்களுக்கு வேண்டாம்.

எங்க வீட்டுல இண்டக்‌ஷன் அடுப்பு. குறைச்சு வச்சாலும் திடீர்னு கொதிக்குது.

விலை குறைந்த இண்டக்‌ஷன் அடுப்புகள் பலவற்றில் 'குறைந்த சூடு' என்பது தொடர்ந்த சிறு சூடு அல்ல. பெரிய சூட்டைச் சில நொடி தந்து, சில நொடி நிறுத்துவதுதான். மெல்லிய வாணலியில் அந்தச் சில நொடிகளிலேயே முட்டை இறுகிவிடும். அடி கனமான பாத்திரம் இந்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும். அது இல்லையென்றால் அடுப்பு வேலை செய்யும்போது வாணலியை ஓரிரு அங்குலம் தூக்கிக்கொள்ளுங்கள்.

இதைவிட நம்பகமான வழி, ஒரு பாத்திரத்தில் சிறிது நீரை மெல்லக் கொதிக்கவிட்டு, நீரைத் தொடாதபடி அதன்மேல் ஒரு கிண்ணத்தை வைத்து அதில் முட்டையைக் கிளறுவது. ஆவி நூறு டிகிரியைத் தாண்டாது என்பதால் முட்டை கருகவோ திடீரென்று இறுகவோ வழியில்லை. பத்து நிமிடம்வரை ஆகும். பிரெஞ்சுச் சமையலில் பழங்காலமாகச் செய்யும் முறை இது. காலை ஏழரை மணிக்கு யாரும் செய்ய மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

காலைல மென்மையா இருந்த ஆம்லெட் மதியம் டிஃபன் பாக்ஸ்ல ஈரமா, கிளறின முட்டை லேசா பச்சையா ஆயிடுது. கெட்டுப்போச்சா?

ஈரம் வருவது மூடி பற்றிய பதிலில் சொன்ன அதே கதை. சூட்டோடு மூடினால் டப்பாவின் மூடி சொட்டும். தட்டில் விரித்து, ஆவி அடங்கியதும் டப்பாவில் வையுங்கள். வெளியே சூட்டில் முட்டையை நெடுநேரம் வைப்பதும் நல்லதல்ல என்பதால் ஆறியதும் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுவது நல்லது. மதியம்வரை போகவேண்டிய டப்பாவுக்கு முட்டை ஏற்றதல்ல.

பச்சை நிறம் வேறு. வெள்ளைக்கருவின் கந்தகமும் மஞ்சள்கருவின் இரும்பும் நெடுநேரச் சூட்டில் சேர்ந்து உண்டாகும் நிறம் அது. அவித்த முட்டையின் மஞ்சளைச் சுற்றித் தெரியும் வளையமும் இதுவே. நிறத்தால் மட்டும் கெட்டது என்று சொல்ல முடியாது. இரண்டு முட்டைக்கு நான்கைந்து சொட்டு எலுமிச்சைச் சாறு சேர்த்து அடித்தால் இந்த நிறம் பெரும்பாலும் வராது.

ரப்பராகிப் போனதைத் திரும்ப மென்மையாக்க முடியுமா?

முடியாது. இறுகிய பின்னலைச் சமையலறையில் அவிழ்க்க வழியில்லை. பால் ஊற்றிச் சூடாக்கினாலும் பால் தனியே நிற்கும். பொடியாக நறுக்கி, முட்டைக் கொத்துக்கோ வறுத்த சாதத்துக்கோ எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே அது கெட்டியாக இருப்பதைக் குறையாக யாரும் சொல்ல மாட்டார்கள்.